ஒன்பது துளை அட்டை

1963 ஜூன் 12, புதன்கிழமை. எழுந்ததும் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். கிணற்றில் நீர் இறைத்துக் குளித்தேன். தேதித் தாளைக் கிழித்தேன். வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் சரிபார்த்துப் போட்டுக்கொண்டு இட்லி சாப்பிட உட்கார்ந்தேன். சாப்பிட்டு எழும்போது மனைவி கேட்டாள்.

"சட்னி எப்படி இருந்துச்சு?"

நன்றாக இருந்தது என்றேன்.

"உப்பே போடலை. இப்பத்தான் நாக்குல வச்சுப் பாக்குறேன். ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே."

அவள் சிரிக்கவில்லை. அந்த ஆண்டு எனக்கு அப்படித்தான் இருந்தது. வீட்டில் யாரும் சாகவில்லை, உடம்புக்கும் ஒன்றும் இல்லை. செய்ய வேண்டியவற்றை ஒன்றுவிடாமல் செய்துகொண்டிருந்தேன். ஆனால் எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல இருந்தது. அன்றைய நாட்குறிப்பில் "சட்னியில் உப்பு இல்லை என்று தெரியவந்தது" என்றுதான் எழுதியிருக்கிறேன். மேற்கொண்டு ஒரு சொல் இல்லை.

அப்போது நான் புதுக்கோட்டையில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் கணித ஆசிரியர். சமஸ்தானம் இணைந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தவன். கட்டடம் சமஸ்தான காலத்தது. உயரமான கூரை, மழைக்கு ஒழுகும். ஆண்டுதோறும் ஜூன் மாதம் பயிற்சிக்கு ஆள் எடுக்க ஒரு தேர்வு வைப்போம். எழுத வருகிறவர்களில் பாதிப்பேர் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பையன்கள். மீதிப்பேர் பயிற்சி இல்லாமலே கிராமத்துப் பள்ளிகளில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, வேலை நிலைக்க வேண்டும் என்பதற்காகப் பயிற்சிக்கு வருகிறவர்கள். கணக்குத் தாளுக்கு ஐம்பது மதிப்பெண். அதில் இருபது வாங்கினால்தான் மறுநாள் நேர்முகத்துக்குக் கூப்பிடுவோம்.

அந்த வருஷம் கேள்வித்தாள் புதுமாதிரி. என்னோடு வேலை பார்த்த இளைய கணித ஆசிரியர் கோடை விடுமுறையில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்திருந்தார். அங்கே கற்றுக்கொடுத்தபடி முதல் பகுதியில் பத்துக் கேள்விகளைப் புதுமுறையில் போட்டிருந்தார். கேள்விக்குக் கீழே நான்கு விடைகள் இருக்கும். சரியானதன் எழுத்தை வட்டமிட வேண்டும், அவ்வளவுதான். அடுக்கு, லாகரிதம், சர்டு என்கிற வர்க்கமூலம், இந்த மூன்றிலிருந்தும் சுருக்கச் சொல்லும் கணக்குகள். கேள்விக்கு ஒரு மதிப்பெண். இரண்டாம் பகுதி நாற்பது மதிப்பெண்ணுக்குப் பழைய முறையில், படிப்படியாக எழுதிக் காட்டுவது.

முதல் பகுதியைத் திருத்த அவர் ஓர் அட்டை செய்திருந்தார். விடைத்தாளின் அளவுக்கு வெட்டிய காலண்டர் அட்டை. செருப்புத் தைப்பவரிடம் வட்ட உளி இரவல் வாங்கி, ஒவ்வொரு கேள்விக்கும் சரியான எழுத்து வரும் இடத்தில் ஒரு துளை. பத்துத் துளைகள். தாளின் மேல் அட்டையை வைத்து, துளைக்குள் வட்டம் தெரிகிறதா என்று எண்ண வேண்டும். கேள்வியைப் படிக்கவே வேண்டாம். கணக்குத் தெரியாதவர்கூடத் திருத்தலாம் என்றார் அவர். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு நினைவிருக்கிறது.

அட்டையை வைப்பதற்குமுன் ஒரு வேலை உண்டு. ஒரே கேள்விக்கு ஒன்றுக்கு மேல் வட்டமிட்டிருந்தால் அந்தக் கேள்வியைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நான்கையும் வட்டமிட்டவனுக்கும் துளைக்குள் வட்டம் தெரியும், மதிப்பெண் சேர்ந்துவிடும். அந்தச் சிவப்புப் பென்சில் வேலை எனக்கு. அது எனக்குப் பிடித்திருந்தது. யோசிக்க ஒன்றும் இல்லை.

தேர்வு முந்தின நாளே முடிந்திருந்தது. புதன்கிழமை காலை, இரண்டாம் பகுதியை இருவரும் திருத்தி மதிப்பெண்களை எழுதிவைத்துவிட்டு, முதல் பகுதித் தாள்களை எடுத்தேன். ஒருவர் ஓரிடத்தில் இரண்டு வட்டம் போட்டிருந்தார், அடித்தேன். இன்னொருவர் ஒரு வட்டத்தைப் போட்டு அதை அழித்து வேறொன்று போட்டிருந்தார், விட்டுவிட்டேன். முப்பத்தொன்றாம் எண் தாளில் கை நின்றது.

முதல் கேள்விக்கு மூன்று வட்டம். இரண்டாவதற்கு மூன்று. மூன்றாவதற்கும் மூன்று. ஏழாவது தவிர எல்லாவற்றுக்கும் மூன்று. ஏழாவதற்கு நான்கு. ஒவ்வொன்றும் சீரான, அடித்தல் திருத்தல் இல்லாத வட்டம். விதிப்படி பத்தையும் அடிக்க வேண்டும். பென்சிலை வைத்துவிட்டேன். இரக்கத்தால் அல்ல. ஏன் எல்லாம் மூன்று என்று தெரியாமல் அடிக்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கேள்வித்தாளை எடுத்து, முதல் தடவையாக, விடைகளையும் சேர்த்துப் படித்தேன்.

முதல் கேள்வி √12 + √27. விடைகள்: (அ) √75, (ஆ) 5√3, (இ) √39, (ஈ) 15/√3. √12 என்பது 2√3, √27 என்பது 3√3. கூட்டினால் 5√3. அட்டையில் துளை (ஆ)வுக்கு. ஆனால் 5ஐ வர்க்கமூலத்துக்குள் தள்ளினால் √75. 15/√3ஐ மேலும் கீழும் √3ஆல் பெருக்கினால் அதுவும் 5√3. உள்ளே இருக்கும் எண்களை அப்படியே கூட்டுகிறவன் போடும் √39 மட்டும்தான் தவறு. முப்பத்தொன்றாம் எண்காரர் (இ)யை மட்டும் விட்டிருந்தார்.

மூன்றாவது 27⁻²ᐟ³. விடைகள் 3⁻², 1/9, 9⁻¹, −18. முதல் மூன்றும் ஒன்றே. அடுக்கைப் பெருக்கும் எண் என்று நினைப்பவன் −18 போடுவான். ஐந்தாவது log 6 + log 5 − log 3. விடைகள் log 10, 1, 2 log √10, log 8. ஆறையும் ஐந்தையும் பெருக்கி மூன்றால் வகுத்தால் பத்து. அடிமானம் பத்து என்று மேலே போட்டிருந்தது. ஆகவே log 10 என்பதும் 1 என்பதும் 2 log √10 என்பதும் ஒன்றுதான். இங்கும் அவர் log 8ஐ மட்டும் விட்டிருந்தார்.

இளைய ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தாளைப் பார்த்ததும் சிரித்தார்.

"மீமிசல் கடல்ல வலை வீசுற மாதிரி வீசியிருக்காரு சார். எதாவது ஒண்ணு மாட்டும்ல."

மூன்றும் சமம்தானே என்றேன். சமம்தான், அதைத் தெரிந்துதான் போட்டேன் என்றார் அவர். வழியில் பாதியில் நின்றுவிடுகிறவர்கள் எங்கே நிற்பார்களோ அந்த இடங்களை விடையாக வைக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். √75இல் நிற்கிறவன் முழுதாகச் சுருக்கவில்லை. 15/√3இல் நிற்கிறவனுக்குப் பின்னத்தின் கீழிருந்து மூலத்தை நீக்கத் தெரியவில்லை. இறுதி வடிவம் ஒன்றுதான், அதற்குத்தான் துளை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வகுப்பில் நானும் அப்படித்தான் 5√3ஐ விடை என்று கோடு போடச் சொல்லுவேன்.

"இவரு தெரிஞ்சு போட்டாருன்னா ஏழாவதைப் பாருங்க. தப்பானதையும் சேத்து வட்டம் போட்டிருக்காரு. அங்கதான் குட்டு வெளிப்படுது."

ஏழாவதை நான் சரிபார்க்கவில்லை. போட்டவரே தப்பு என்கிறாரே என்று விட்டுவிட்டேன். ஆனால் ஒரு தாளில் பத்துக் கேள்வியையும் அடிப்பதைத் தலைமையாசிரியரிடம் சொல்லாமல் செய்யக் கூடாது என்பது வழக்கம். தாளை எடுத்துக்கொண்டு இருவரும் அவர் அறைக்குப் போனோம்.

தலைமையாசிரியர் சரித்திரம் படித்தவர். கணக்கு என்றால் தூரத்திலிருந்தே கும்பிடுவார். முதலில் முப்பத்தொன்று யார் என்று விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தார். ஆவூர்ப் பக்கத்து மிஷன் பள்ளி ஒன்றில் பயிற்சி இல்லாத ஆசிரியர். ஆறு வருஷ வேலை. வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. விண்ணப்பத்தோடு பள்ளி மேனேஜர் ஒரு வரி எழுதியிருந்தார்: இந்த முறை பயிற்சிக்கு இடம் கிடைக்காவிட்டால் இவரைத் தொடர்ந்து வைத்திருக்க இயலாது. இரண்டாம் பகுதியில் அவர் மதிப்பெண் பதினேழு. முதல் பகுதியில் மூன்று வந்தால் நேர்முகம். ஒன்றும் வராவிட்டால் ஊருக்குப் போய்ச் சாமான்களைக் கட்ட வேண்டியதுதான்.

நான் இதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். மனதில் ஒன்றும் அசையவில்லை. ஜன்னல் கம்பியில் ஒரு துண்டு நூல் தொங்கியது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று விடை சமம் என்பதைச் சொன்னதும் தலைமையாசிரியர் நிமிர்ந்தார்.

"இங்கிருந்து திருச்சிக்குக் கீரனூர் வழியாப் போனா என்ன, விராலிமலை வழியாப் போனா என்ன? திருச்சி திருச்சிதானே?"

"போய்ச் சேந்தாப் போதும்னு கேக்கலை சார். குறுக்கு வழியிலதான் வந்தியான்னு கேட்டிருக்கு. சுருக்குகன்னு போட்டிருக்கேன்" என்றார் இளைய ஆசிரியர்.

"அப்ப வழியைல்ல காட்டச் சொல்லணும். ஊரு பேரை மட்டும் வட்டம் போடச் சொல்லிட்டு, எந்த வழியா வந்தேன்னு கேட்டா?"

இளைய ஆசிரியர் என்னைப் பார்த்தார். என்னிடம் கேட்டால் சொல்வதற்கு ஒன்று இருந்தது. கேட்டார், சொன்னேன். சுருக்கிய வடிவம் எது என்பதில் எல்லாப் புத்தகமும் ஒன்றுபோலச் சொல்வதில்லை. 5√3இல் ஓர் எண்ணும் ஒரு மூலமும் இருக்கின்றன, √75இல் ஒரு மூலம் மட்டுமே. எது சுருக்கம் என்று வெளியாள் கேட்டால், பழக்கம் என்றுதான் பதில் சொல்ல முடியும். 5√3 நம் பழக்கம். ஆறு வருஷம் சின்ன வகுப்புக்குக் கழித்தல் சொல்லிக்கொடுத்தவருக்கு அந்தப் பழக்கம் மறந்திருக்கலாம். மதிப்பு மறக்கவில்லை.

"மதிப்புத் தெரிஞ்சவரு ஏழாவதுல ஏன் நாலும் போடணும்?" என்றார் இளைய ஆசிரியர். கோபமில்லை, ஆனால் விடமாட்டார் என்று தெரிந்தது. தலைமையாசிரியர் அறையில் ஒரு சின்னக் கரும்பலகை உண்டு, பாடவேளை எழுதுவதற்கு. அதில் ஒரு மூலையை அழித்துவிட்டு எழுதினார்.

ஏழாவது கேள்வி 4³ × 4³ᐟ². விடைகள் 512, 2⁹, 8³, 4⁹ᐟ². நான்கின் கனம் அறுபத்து நான்கு. நான்கின் அடுக்கு ஒன்றரை என்றால் இரண்டின் கனம், எட்டு. அறுபத்து நான்கை எட்டால் பெருக்கினால் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. அதுதான் 2⁹, அதுதான் 8³. இந்த மூன்றையும் எழுதிக் காட்டினார். பிறகு நான்காவதற்கு வந்தார். அடுக்குகளைக் கூட்ட வேண்டிய இடத்தில் பெருக்குகிறவன் என்ன செய்வான் என்று தலைமையாசிரியருக்கு விளக்கிக்கொண்டே எழுதினார்.

"கூட்டணும். அவன் பெருக்குவான். மூணு ஒண்ணரை நாலரை. அதான் இந்த நாலாவது, ஒம்பதின் கீழ் ரெண்டு. ஆனா கூட்டுனா, மூணும் ஒண்ணரையும்..."

சாக்பீஸ் பலகையில் நின்றது. மூன்றும் ஒன்றரையும் நாலரை. மூன்று பெருக்கல் ஒன்றரையும் நாலரை.

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. தவறான வழியில் போகிறவன் எங்கே போய்ச் சேருவான் என்று கணக்கிட்டு அவர் ஒரு விடையை வைத்திருந்தார். அந்த ஒரு ஜோடி எண்ணில் மட்டும் தவறான வழியும் சரியான ஊருக்கே போய்விட்டது. தானே போட்ட தவறு என்பதால், அது தவறுதானா என்று அவர் திரும்பப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. நான்கும் சமம்.

தலைமையாசிரியருக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், "அப்ப அந்த மனுஷன் போட்டது?" என்றார்.

"நாலும் சரி சார்" என்றார் இளைய ஆசிரியர். எழுதியதை அழிக்காமல் சாக்பீஸை விளிம்பில் வைத்தார். விரல்களில் இருந்த தூளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், "நாலாவதை மட்டும் வட்டம் போட்டவங்க எத்தனை பேரு சார் இருப்பாங்க? சரியாக் கூட்டிப் போட்டிருப்பாங்களே" என்றார். அவருடைய எண்ணம் அங்கே போனது எனக்குப் பிடித்திருந்தது என்று இப்போது எழுதுகிறேன். அன்று பிடித்ததா என்று தெரியாது. நாட்குறிப்பில் இல்லை.

இருந்தாலும் தலைமையாசிரியர் ஆளைப் பார்க்காமல் முடிவு செய்ய மாட்டேன் என்றார். தேர்வு எழுதியவர்கள் பட்டியலுக்காகப் பக்கத்திலேயேதான் காத்திருந்தார்கள். முப்பத்தொன்றாம் எண்காரர் மாதா கோயில் வளாகத்தில் தங்கியிருந்தார், பியூன் போய் அழைத்துவந்தார். ஒல்லியான ஆள். வேட்டி சட்டை, சட்டைப்பையில் பேனா. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஒன்றை மட்டும் வட்டமிடுகன்னு போட்டிருந்துச்சே, படிக்கலையா நீங்க?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

"படிச்சேங்க. நாலஞ்சு தடவை படிச்சேன்."

"அப்புறம்?"

"எந்த ஒண்ணுன்னு தெரியலைங்க. சூத்திரமெல்லாம் மறந்துபோச்சு. ரூட் மூணு ஒண்ணு புள்ளி ஏழு மூணு ரெண்டுன்னு மட்டும் ஞாபகம் இருந்துச்சு. ஒவ்வொண்ணையும் தசமத்துல போட்டுப் பாத்தேன். மூணு எட்டு புள்ளி அறுபத்தாறுன்னு வந்துச்சு, ஒண்ணு ஆறு புள்ளி இருபத்துநாலுன்னு வந்துச்சு. மூணுல ஒண்ணை வச்சுக்கிட்டு ரெண்டைத் தப்புன்னு விடுறதுக்கு மனசு வரலைங்க. தப்பு இல்லையே அது."

"பத்துக்கும் இப்படியே போட்டுப் பாத்தீங்களா?"

"ஆமாங்க. அதுலயே நேரம் போயிருச்சு. ரெண்டாம் பகுதியில கடைசி ரெண்டு கணக்கு தொடவே இல்லை." சட்டைப்பைப் பேனாவைச் சரிசெய்துகொண்டார். "ஒண்ணை மட்டும் போட்டிருக்கலாம்னு வெளிய வந்தப்புறம்தான் தோணுச்சு. எதையாவது ஒண்ணு. பத்துல ஒரு மூணாச்சும் கெடச்சிருக்கும்."

தன் நிலைமையைப் பற்றி ஒரு வார்த்தையும் அவர் சொல்லவில்லை. குரல் ஏறவும் இல்லை. பாடவேளை அட்டவணையைப் படித்துக்காட்டுவதுபோலச் சொன்னார். எனக்கு அந்தக் குரல் தெரிந்த குரலாக இருந்தது. அது என்னுடையதுபோல இருந்தது என்று பிற்பாடுதான் நினைத்தேன்.

அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மூவரும் பேசினோம். எந்த வடிவமானாலும் மதிப்புச் சரியாக இருந்தால் மதிப்பெண் கொடுத்துவிடலாம் என்றார் தலைமையாசிரியர். யாருக்கும் குறையாது, சிலருக்குக் கூடும், நேர்முகத்துக்கு இன்னும் சிலர் வருவார்கள், வரட்டும். ஒன்றுக்கு மேல் வட்டமிட்டவரை என்ன செய்வது என்பதுதான் மிஞ்சியது. அதற்கு வழி சொன்னவர் இளைய ஆசிரியர்தான். துளையைச் சரியான விடையில் போடாமல் தவறான விடையில் போட்டுவிடலாம். துளைக்குள் வட்டம் தெரிந்தால் அந்தக் கேள்விக்கு இல்லை, தெரியாவிட்டால் ஒன்று. நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு வட்டமிட்டவர் தவறானதையும் வட்டமிட்டிருப்பார், மாட்டிக்கொள்வார்.

நான் ஒன்று சேர்த்தேன். ஒன்றுமே வட்டமிடாமல் விட்டவருக்கும் துளைக்குள் வட்டம் தெரியாது. ஆகவே சிவப்புப் பென்சில் இனி வெறுமையாக விட்ட கேள்விகளை அடிக்க வேண்டும். அவர் தலையாட்டினார்.

மதியம் மறுபடியும் வட்ட உளி வந்தது. கணக்கு அறைப் படிக்கட்டில் அட்டையை வைத்து அவரே சுத்தியலால் தட்டினார். ஏழாவது கேள்விக்குத் துளை கிடையாது, தவறே இல்லாததால்; அதில் எதை வட்டமிட்டிருந்தாலும் ஒன்று. ஒன்பது துளைகள். புது அட்டையை எனக்கு நீட்டும்போது, "இந்த அட்டையைப் போடக் கேள்வியைப் படிக்கணும் சார்" என்றார். அதை வேடிக்கையாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லாத் தாள்களையும் முதலிலிருந்து திருத்தினோம். நான் அடிக்கிறேன், அவர் அட்டை வைக்கிறார். பழைய அட்டையை வைத்திருந்தால் தேறியிருக்காத ஏழு பேர் இப்போது இருபதைத் தாண்டினார்கள். ஏழாவது கேள்விக்கு நான்காவதை மட்டும் வட்டமிட்டவர்கள் அதில் மூவர். முப்பத்தொன்றாம் எண் தாள் வந்தபோது அட்டையை அவர் இரண்டு தடவை வைத்துப் பார்த்தார். எந்தத் துளையிலும் வட்டம் தெரியவில்லை. வெறும் எழுத்து. பத்து என்று எழுதினார். பதினேழோடு சேர்த்து இருபத்தேழு.

பட்டியலைச் சுவரில் ஒட்டியபோது வெயில் தாழ்ந்திருந்தது. முப்பத்தொன்றாம் எண்காரர் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தார். என்னைக் கண்டதும் அருகில் வந்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்குங்க?"

ஒன்பது மணிக்கு என்றேன். நேர்முகம்தானே, பாடம் நடத்திக் காட்டச் சொல்வார்களா என்று கேட்டார். சொல்வார்கள், சின்ன வகுப்புக்கு எது வருமோ அது நடத்தினால் போதும் என்றேன்.

"கழித்தல் நடத்துறேங்க. கடன் வாங்கிக் கழிக்கிறது." பிறகு, "ஊருக்குப் போயிட்டு வர பஸ் கிடையாது. இங்கயே இருந்துக்கிறேன்" என்றார். சரி என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மகிழ்ச்சியாகத் தெரியவில்லை. இருபத்தேழு என்பது இருபதுக்கு மேல், அவ்வளவுதான் என்பதுபோலப் போனார். அவரை நான் நன்றாகப் புரிந்துகொண்டதாக எனக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். குழம்பில் உப்பு இருந்ததா என்று மனைவி கேட்கவில்லை. இருந்தது. நாட்குறிப்பை எழுதினேன். கேள்வி எண், விடைகள், அட்டை மாற்றிய விவரம், தேறியவர் எண்ணிக்கை. படுத்தேன்.

மறுநாள் காலை எழுந்ததும் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவில்லை. விளக்கை ஏற்றி, பழைய தேதித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில், கூட்டினாலும் பெருக்கினாலும் ஒன்றே வரும் ஜோடிகள் வேறு உண்டா என்று போட்டுப் பார்த்தேன். இரண்டும் இரண்டும். மூன்றும் ஒன்றரையும். நான்கும் ஒன்றேமூன்றில் ஒன்றும், இரண்டு வழியிலும் ஐந்தேமூன்றில் ஒன்று. ஐந்தும் ஒன்றேகாலும், ஆறேகால். எந்த எண்ணை எடுத்தாலும், அதை அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் வகுத்தால் ஜோடி கிடைத்தது. ஒன்றுக்கு மட்டும் ஜோடி இல்லை.

அதன்பிறகு எழுந்து கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன்.